ஏஜென்சியை நிறுத்தும் முன் சாவியை வாங்குங்கள்

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் விளம்பரங்களையும் பார்த்துக்கொள்ள மாதம் இவ்வளவு என்று பேசி ஒரு ஏஜென்சியை அமர்த்துவதை ரீடெய்னர் என்பார்கள். முன்பெல்லாம் பெரிய நிறுவனங்கள்தான் இப்படிச் செய்தன. இப்போது எங்கள் ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊரில் வீட்டிலிருந்தே கருவாடு விற்பவரும் செய்கிறார். ஏஜென்சியை அமர்த்துவது சுலபம். ஒரு போன், ஒரு பக்க ஒப்பந்தம், முன்பணம், அவ்வளவுதான். பலன் இல்லை என்று நிறுத்தும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பக்கம் நம் பெயரில் இருக்கும், ஆனால் சாவி அவர்கள் கையில் இருக்கும்.

இந்த இதழில், அப்படி ஒரு ஏஜென்சியை முறையாக நோட்டீஸ் கொடுத்து நிறுத்தி, கணக்குகளையும் கோப்புகளையும் திரும்பப் பெறுவது எப்படி என்று பார்ப்போம். உதாரணத்துக்கு என் மைத்துனரின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பதால் இந்த வேலையை முழுக்க என் மேஜையில் உட்கார்ந்துதான் செய்தோம். ஏஜென்சியின் பெயர் இங்கே தேவையில்லை.

பலன் இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மைத்துனர் நெத்திலி, வாளை, திருக்கைக் கருவாடுகளை பாக்கெட் போட்டு கூரியரில் அனுப்புகிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். சென்ற ஆண்டு ஜனவரியில் ஏஜென்சியை அமர்த்தினார். மாதக் கட்டணம் 12,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. விளம்பரத்துக்கு மாதம் 8,000 ரூபாயை ஏஜென்சியிடமே கொடுத்துவிட வேண்டும். முதல் மூன்று மாதம் கட்டாயம், அதன்பின் எந்தப் பக்கமும் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

மாதாமாதம் பி.டி.எஃப். ரிப்போர்ட் வந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் விழுந்தது என்று வண்ண வண்ணமாக கிராப் போட்டிருப்பார்கள். "மச்சான், லைக் எல்லாம் நல்லாத்தான் விழுது. கருவாடுதான் போகமாட்டேங்குது" என்றார் மைத்துனர்.

மே மாத ரிப்போர்ட்டில் ஏஜென்சி ஒரு புது விஷயம் எழுதியிருந்தது. அந்த மாதம் 31 ஆர்டர், விற்பனை ஏறிவிட்டது என்று. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பச்சை மீன் வரத்து குறைந்தால் கருவாட்டை விசாரிப்பவர்கள் கூடுவது எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். எனவே மே மாதத்தை ஜனவரியோடு ஒப்பிட்டால் விளம்பரத்தின் பலன் தெரியாது, தடைக்காலத்தின் பலன்தான் தெரியும்.

நாங்கள் செய்தது இதுதான். மைத்துனரின் ஆர்டர் நோட்டை எக்ஸெல்லில் ஏற்றி, ஏஜென்சி வருவதற்கு முன்பே இருந்த போன் எண்களையும் ஏற்கெனவே வாங்கியவர்கள் சொல்லி வந்தவர்களையும் கழித்துவிட்டோம். மே மாதத்தின் 31 ஆர்டரில் 26 ஆர்டர் இப்படிக் கழிந்துவிட்டது. ஐந்துதான் விளம்பரத்தின் வழியாக வந்தவை என்று சொல்ல முடிந்தது. ஐந்து மாதத்துக்கும் சேர்த்து 19 ஆர்டர். ஒரு ஆர்டர் சராசரியாக 850 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 16,150 ரூபாய். செலவோ ஜி.எஸ்.டி. சேர்த்த கட்டணம் 70,800, விளம்பரம் 40,000, ஆக 1,10,800 ரூபாய். ஒரு புது ஆர்டரைப் பிடிக்க 5,800 ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்கிறது.

காரணமும் பிறகு தெரிந்தது. விளம்பரக் கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டு வாங்கி, மெட்டாவின் Ads Manager பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு விளம்பரத் தொகுப்புக்கும் ஒரு நோக்கம் தேர்ந்தெடுக்க வேண்டும். Awareness, Traffic, Engagement, Leads, App promotion, Sales என்று ஆறு இருக்கின்றன. ஏஜென்சி எல்லாவற்றையும் Engagement என்று வைத்து, அதற்குள்ளும் வாட்ஸ்அப் மெசேஜைத் தேர்ந்தெடுக்காமல், பதிவுக்கு லைக் வருவதையே இலக்காக வைத்திருந்தது. நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதைச் செய்யக்கூடியவர்களிடம்தான் மெட்டா விளம்பரத்தைக் காட்டும். லைக் கேட்டால் லைக் போடுபவர்களிடம்தான் போகும். அவர்கள் கருவாடு வாங்குவார்களா என்பது அதற்குத் தெரியாது. இந்த ஸ்கிரீனை பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து வைத்துக்கொண்டோம். பிறகு பேச்சுவார்த்தையில் மிகவும் உதவியது.

நோட்டீஸுக்கு முன் செய்ய வேண்டியது

கோபத்தில் முதலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு அப்புறம் பாஸ்வேர்டு கேட்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. இதை மாற்றிச் செய்ய வேண்டும். நம்முடைய பக்கத்துக்கு நமக்கு முழு அனுமதி கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. உறவு நன்றாக இருக்கும்போது கேட்டால் அன்றைக்கே கிடைத்துவிடும். நோட்டீஸுக்குப் பிறகு கேட்டால் அதுவே பேரமாகிவிடும்.

மே 20 அன்று நாங்கள் ஒரு பட்டியல் போட்டோம். பேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு, கூகுள் மேப்பில் தெரியும் கடை விவரம், போட்டோக்கள், போஸ்டர்கள், லோகோ. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்வி. உரிமை யாரிடம்? அனுமதி யாரிடம்? இந்த இரண்டும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. வாடகை வீட்டுக்குள் நாம் தினமும் போய்வருகிறோம் என்பதால் வீடு நமதாகிவிடாது அல்லவா?

பேஸ்புக்கில் இதைப் பார்க்க business.facebook.com சென்று Settings என்பதைத் திறந்து, Accounts பிரிவில் Pages என்பதை கிளிக் செய்யுங்கள். பக்கத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் Owned by என்று ஒரு பெயர் தெரியும். மெட்டாவில் ஒரு தொழிலின் பக்கங்கள், விளம்பரக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் வைப்பதற்கு பிசினஸ் போர்ட்ஃபோலியோ என்று பெயர். முன்பு பிசினஸ் மேனேஜர் என்றார்கள். ஒரு பக்கம் ஒரே ஒரு கூடைக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். மற்ற கூடைகளுக்கு பார்ட்னர் என்ற முறையில் வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுக்கலாம். முறைப்படி பக்கம் நம் கூடையில் இருந்து, ஏஜென்சி பார்ட்னராக இருக்க வேண்டும். மைத்துனரின் பக்கத்தில் இது தலைகீழாக இருந்தது. Owned by என்ற இடத்தில் ஏஜென்சியின் பெயர்.

கூகுளிலும் இதே கதைதான். அங்கே Primary owner, Owner, Manager என்று மூன்று நிலை உண்டு. மைத்துனர் தன் கடைக்குத் தானே வெறும் மேனேஜராக இருந்தார். முதன்மை உரிமையாளர் ஏஜென்சி. கூகுளில் ஒரு விதி இருக்கிறது. புதிதாக உரிமையாளராகச் சேர்க்கப்பட்டவர் முதல் 7 நாட்களுக்கு மற்றவர்களை நீக்கவோ, முதன்மை உரிமையை மாற்றவோ முடியாது. எனவே இந்த 7 நாளைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

மைத்துனர் ஏஜென்சிக்கு இரண்டே வரியில் மெயில் அனுப்பினார். தன்னுடைய மெயில் முகவரியை கூகுளில் Owner ஆகவும், பேஸ்புக் பக்கத்தில் Full control உடனும் சேர்க்கும்படி. மறுநாளே இரண்டும் நடந்துவிட்டது. பக்கத்தின் Page access பகுதியில் தன் பெயரையும் Full control என்பதையும் அவர் பார்த்துக்கொண்டார். இது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். மே 29 அன்று கூகுளில் முதன்மை உரிமையும் மைத்துனருக்கு வந்துவிட்டது.

ஏஜென்சி பதிலே சொல்லாவிட்டால்? கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உரிமை கேட்டு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. இப்போதைய உரிமையாளருக்கு கூகுளே மெயில் அனுப்பும். 3 நாளில் அவர் பதில் சொல்லாவிட்டால், கடை உங்களுடையதுதான் என்று நிரூபித்து நீங்களே பெறுவதற்கு வழி கிடைக்கலாம். பேஸ்புக்கில் இவ்வளவு சுலபமான வழி இல்லை.

கணக்கு யாருக்குச் சொந்தம்?

"நாங்கதானே பக்கத்தை ஆரம்பிச்சோம், அப்ப எங்களதுதானே?" என்று ஏஜென்சி கேட்கக்கூடும். இது வேடிக்கைக் கேள்வி அல்ல. நியூயார்க்கில் திருமண உடை தயாரிக்கும் ஜே.எல்.எம். கூட்டூர் நிறுவனத்துக்கும் அதன் வடிவமைப்பாளர் ஹேலி பேஜ் கட்மனுக்கும் இடையே ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு யாருடையது என்று 2020 இல் வழக்கு தொடங்கியது. 2024 ஜனவரியில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், சமூக வலைத்தளக் கணக்கையும் மற்ற சொத்துக்களைப் போலவே பார்க்க வேண்டும் என்றது. முதலில் அதைத் தொடங்கியவர் யார், பின்னர் அந்த உரிமை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுக்கப்பட்டதா என்ற வரிசையில் ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. அந்த வழக்கு ஒரு நிறுவனத்துக்கும் அதில் வேலை பார்த்தவருக்கும் இடையிலானது என்பதும் உண்மை. ஆனாலும் அதிலிருந்து நமக்குத் தெரிவது, தொடங்கியவர் யார் என்ற கேள்விக்கு எடை உண்டு, அதைச் சமாளிக்க எழுத்து வேண்டும் என்பதுதான்.

மைத்துனரின் பேஸ்புக் பக்கம் ஏஜென்சி வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரே தொடங்கியது. பக்கத்தின் Page transparency பகுதியில் தொடங்கிய தேதி தெரியும். அதையும் படமெடுத்து வைத்தோம். இன்ஸ்டாகிராமும் அவருடையதுதான். விளம்பரக் கணக்கு மட்டும் ஏஜென்சி தன் கூடைக்குள் புதிதாக உருவாக்கியது.

நோட்டீஸ் எழுதுவது எப்படி?

மே 31 அன்று நோட்டீஸ் அனுப்பினோம். ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட மெயிலுக்கு ஒன்று, ஏஜென்சி முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒன்று. முன்பு இதற்கு ரிஜிஸ்டர் தபால்தான் வழக்கம். 2025 இல் தபால் துறை அதை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டது. ரசீதையும் அதிலுள்ள எண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் நாள் அனுப்பிய தேதியிலிருந்தா, கிடைத்த தேதியிலிருந்தா என்று உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். எங்களுடையதில் மெயில் அனுப்பிய தேதி என்று இருந்ததால் ஜூன் 30 கடைசி நாள்.

நோட்டீஸில் குற்றச்சாட்டு வேண்டாம். காரணம் சொல்லாமலே 30 நாளில் நிறுத்தலாம் என்று ஒப்பந்தம் இருக்கும்போது, மோசமான வேலை என்று எழுதினால் அதற்குப் பதில், அந்தப் பதிலுக்குப் பதில் என்று மாதம் போய்விடும். எங்கள் கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"ஒப்பந்தத்தின் நிறுத்தும் பிரிவின்படி இது 30 நாள் அறிவிப்பு. ஜூன் 30 உடன் ஒப்பந்தம் முடிகிறது. இன்று முதல் எந்த விளம்பரமும் ஓட வேண்டாம். என் அனுமதியின்றி புதிய பதிவு எதுவும் போட வேண்டாம். இணைப்பில் உள்ள பட்டியலில் இருப்பவற்றை ஜூன் 20 க்குள் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜனவரி முதல் மே வரை மெட்டா கொடுத்த விளம்பர ரசீதுகளின் நகலை அனுப்பவும். நோட்டீஸ் மாதக் கட்டணத்தை, விளம்பர முன்பணத்தில் மீதி இருப்பதைக் கழித்து, ஒப்படைப்பு முடியும் அன்றே செலுத்துகிறேன்."

ஜூன் 30 என்று வைக்காமல் ஜூன் 20 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏதாவது விட்டுப்போனால் கேட்பதற்கு, அவர்கள் இன்னும் நமக்கு வேலை செய்யக் கடமைப்பட்டிருக்கும் பத்து நாள் கையில் இருக்கும்.

விளம்பரப் பணத்தின் கணக்கு

ஐந்து மாதத்தில் விளம்பரத்துக்கு மட்டும் 40,000 ரூபாய் கொடுத்திருந்தார் மைத்துனர். ஆனால் Ads Manager பக்கத்தில் Amount spent என்ற இடத்தில் 31,200 ரூபாய்தான் காட்டியது. "மச்சான், எட்டாயிரத்து எண்ணூறு எங்கே போச்சு?" என்று கொதித்துவிட்டார். அவசரப்படக் கூடாது. அங்கே காட்டும் தொகை வரி சேராதது. நம் நாட்டில் மெட்டா விளம்பரத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 31,200 க்கு வரி 5,616. இரண்டையும் கூட்டினால் 36,816. ஆக உண்மையில் மீதி 3,184 ரூபாய்தான். மெட்டாவின் ரசீதுகள் வந்தபோது அதே தொகைதான் வந்தது. ஏஜென்சியும் மறுக்கவில்லை.

கடைசி பில் இப்படி அமைந்தது. ஜூன் மாதக் கட்டணம் 12,000, வரி 2,160, மொத்தம் 14,160. அதில் 3,184 கழித்தால் 10,976 ரூபாய். பலன் கிடைக்கவில்லையே, நோட்டீஸ் மாதத்துக்கு எதற்குப் பணம் என்று சிலர் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் இத்தனை ஆர்டர் தருவோம் என்று எழுதியிராவிட்டால் ஏஜென்சி வாக்கு மீறியது என்று நிரூபிப்பது கடினம். தரவேண்டியதைத் தராமல் வைத்துக்கொண்டால், அவர்களும் தரவேண்டியதைத் தராமல் வைத்துக்கொள்வார்கள். பதினோராயிரத்துக்காக பக்கத்தை இழக்க வேண்டாம் என்று மைத்துனர் முடிவு செய்தார்.

ஒப்படைப்பு நாள்

ஜூன் 18 அன்று வீடியோ காலில் ஏஜென்சியின் பிரதிநிதியை ஸ்கிரீனைப் பகிரச் சொல்லி, ஒவ்வொன்றாகச் செய்தோம்.

முதலில் பேஸ்புக் பக்கம். ஏஜென்சி தன் கூடையிலிருந்து பக்கத்தை Remove செய்தால்தான் நாம் நம் கூடையில் சேர்க்க முடியும். அப்படி நீக்கும் நேரத்தில் பக்கத்தில் நேரடியாக Full control உள்ளவர் நம் பக்கம் ஒருவராவது இருக்க வேண்டும். ஏஜென்சியின் கூடை வழியாக மட்டும் அனுமதி பெற்றிருந்தால், பக்கம் வெளியே வந்ததும் அந்த அனுமதியும் போய்விடும். மே மாதமே மைத்துனரின் பெயரைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். அவர்கள் நீக்கியதும் எங்கள் கூடையில் Pages பகுதிக்குப் போய் Add என்பதை அழுத்தி, ஏற்கெனவே உள்ள பக்கத்தைச் சேர்க்கும் வழியில் சேர்த்தோம். Owned by என்ற இடத்தில் மைத்துனரின் கடைப் பெயர் வந்தது. அந்த நிமிடமே அவர் போனிலிருந்து 10,976 ரூபாயை அனுப்பினார். ஏஜென்சியும் பணம் வந்ததை காலிலேயே சொல்லிவிட்டது.

அடுத்து இன்ஸ்டாகிராம். இங்கே பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது. கணக்கில் பதிவான மெயில், போன் எண், இந்த இரண்டில் ஒன்று ஏஜென்சியிடம் இருந்தாலும் நாளைக்கு அவர்களால் பாஸ்வேர்டை மீட்டெடுக்க முடியும். எனவே முதலில் மெயில், பிறகு போன் எண், பிறகு பாஸ்வேர்டு, கடைசியாக இரண்டு அடுக்குப் பாதுகாப்பு என்று இந்த வரிசையில் மாற்றினோம். பிறகு Accounts Center திறந்து, வேறு யாருடைய பேஸ்புக் கணக்காவது இதோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்தோம். ஏஜென்சியில் வேலை பார்த்த ஒருவரின் சொந்தக் கணக்கு இணைந்திருந்தது. அதை அவரே நீக்கினார். கடைசியாக, லாகின் ஆகியிருக்கும் மற்ற எல்லாக் கருவிகளையும் வெளியேற்றினோம்.

விளம்பரக் கணக்கை மட்டும் தர முடியாது என்றார்கள். இது சாக்கு அல்ல. ஒரு கூடைக்குள் உருவான விளம்பரக் கணக்கை இன்னொரு கூடைக்கு உரிமை மாற்ற மெட்டாவில் சாதாரண வழி கிடையாது. அதற்காகச் சண்டை போடாமல், அதில் உள்ள விவரத்தை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஐந்து மாத விளம்பர விவரங்களையும் Ads Manager பக்கத்திலிருந்து .xlsx கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யச் சொன்னோம். எந்த விளம்பரம், எந்த ஊரில், எந்த வயதினருக்கு, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. புதிய விளம்பரக் கணக்கை மைத்துனர் தன் கூடையிலேயே உருவாக்கிக்கொண்டார்.

பழைய கணக்கில் சேர்த்துவைத்த ஆடியன்ஸ், அதாவது பக்கத்தில் லைக் போட்டவர்கள், மெசேஜ் அனுப்பியவர்கள் பட்டியல் போய்விடுமே என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பட்டியலுக்கு மூலம் பேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராமும்தான். அவை நம்மிடம் வந்துவிட்டால் புதிய விளம்பரக் கணக்கிலும் பின்னோக்கி அதே ஆடியன்ஸை மறுபடி உருவாக்கலாம். வெப்சைட்டில் பிக்சல் வைத்து, அதுவும் ஏஜென்சியின் கூடையில் இருந்தால் மட்டும் கதை வேறு. அதில் சேர்ந்த விவரம் அங்கேயே தங்கிவிடும். நம் சொந்தப் பிக்சலை உடனே நிறுவி, நோட்டீஸ் மாதம் முழுக்க இரண்டையும் சேர்த்து ஓடவிட வேண்டும்.

போட்டோவும் போஸ்டரும்

எல்லா வேலைக்கும் காசு கொடுத்தோம், எனவே எல்லாமே நமது என்று நினைப்பது இயல்பு. 1957 ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 17 ஆவது பிரிவின்படி, நாம் கேட்டு, நாம் காசு கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவுக்கும் வீடியோ படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நாம்தான் முதல் உரிமையாளர். கம்ப்யூட்டரில் டிசைன் செய்த போஸ்டர், லோகோ, எழுதிய விளம்பர வாசகம் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை பொதுவாகப் பொருந்தாது. வெளியார் ஒருவர் செய்தால் உரிமை செய்தவரிடமே இருக்கும், அவர் எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தால்தான் நமக்கு வரும்.

எனவே கடற்கரையில் எடுத்த போட்டோக்களின் முழு அளவுக் கோப்புகளை உரிமையோடு கேட்டோம், கொடுத்துவிட்டார்கள். போஸ்டர்களின் .psd கோப்புகளுக்குத் தனிப் பணம் கேட்டார்கள். பொங்கல் வாழ்த்துப் போஸ்டரின் மூலக் கோப்பு அடுத்த வருடம் எதற்கு? அதை விட்டுவிட்டோம். பக்கத்தில் ஏற்கெனவே போட்ட பதிவுகள் அப்படியே இருக்கலாம் என்று ஒரு மெயிலில் ஒப்புதல் மட்டும் வாங்கினோம்.

லோகோவை மட்டும் விட முடியாது. அது பாக்கெட்டில் அச்சாகிறது. இரண்டாயிரம் ரூபாய் தனியாகக் கொடுத்து .ai கோப்பும் ஒரு பக்க உரிமை மாற்றுக் கடிதமும் வாங்கினோம். அந்தக் கடிதத்தில் எத்தனை காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்று கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சட்டத்தின் 19 ஆவது பிரிவு காலத்தை ஐந்து ஆண்டு என்றும் இடத்தை இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் பாக்கெட் போவதால் "காப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து

ஒப்படைப்பு முடிந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். ஜூன் 25 அன்று மறுபடி உட்கார்ந்து சரிபார்த்தபோது இரண்டு விஷயம் கிடைத்தது. மெட்டா பிசினஸ் சூட்டில் Planner என்ற பகுதியில் ஜூலைக்கு முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த மூன்று பதிவுகள் காத்திருந்தன. அதில் ஒன்று, மைத்துனர் தராத தள்ளுபடியை அறிவிக்கும் போஸ்டர். நீக்கினோம். கூகுள் மேப்பில் கடையின் போன் எண்ணாக ஏஜென்சி கொடுத்திருந்த எண் இருந்தது. அழைப்புகளை எண்ணுவதற்காக இப்படி ஒரு எண் கொடுத்து, நம் போனுக்கு திருப்பிவிடுவார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அது அணைந்துவிடும், கடைக்குப் போன் செய்பவருக்கு மணி அடிக்காது. மைத்துனரின் சொந்த எண்ணை மாற்றிப் போட்டோம். ஜூன் 30 கடைசி நாள் என்பதால் இதற்கு ஏஜென்சியிடம் விளக்கம் கேட்கவும் நேரம் இருந்தது.

கடைசி நாளில் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, எல்லாம் ஒப்படைக்கப்பட்டது, இரு தரப்புக்கும் பாக்கி இல்லை என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்துகொண்டோம். ஏஜென்சியின் பெயரை பார்ட்னர் பட்டியலிலிருந்தும், கூகுள் People and access பகுதியிலிருந்தும் அதன்பின்தான் நீக்கினோம்.

அடுத்து வேறு ஏஜென்சியை அமர்த்துவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்த்துவிடுங்கள். பக்கம், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு, கூகுள் விவரம் எல்லாம் வாடிக்கையாளரின் கூடையிலேயே இருக்கும், ஏஜென்சி பார்ட்னராக மட்டும் வேலை செய்யும். விளம்பரப் பணம் வாடிக்கையாளரின் கார்டிலிருந்து நேராக மெட்டாவுக்குப் போகும். கட்டணம் செலுத்திய டிசைன்களின் காப்புரிமை வாடிக்கையாளருக்கு மாறும். மாத ரிப்போர்ட்டில் புதிய போன் எண்களிலிருந்து வந்த விசாரணையின் எண்ணிக்கை இருக்கும். மைத்துனர் இப்போது மாதம் 4,000 ரூபாய்க்கு மெசேஜ் வரும் விளம்பரத்தைத் தானே ஓட்டுகிறார். புது எண் ஒவ்வொன்றையும் ஆர்டர் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைக்கிறார்.